வாய்ஸ் நோட்டை வீடியோ கேப்ஷனாகச் சுருக்குவது எப்படி?

"திருகோணமலையிலிருந்து மாமி அனுப்பிய வாய்ஸ் நோட்டை எழுத்தாக்கினேன், ஒரே குழப்பம். பேச்சு மாதிரியே இருக்கிற குட்டி கேப்ஷனாக எப்படி மாற்றுவது?"

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி மாமி சொன்ன இப்படி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

"அது வந்து, கன்னியாவில என்னெண்டா, ஏழு கிணறு இருக்குது தானே, ஏழும் வந்து பக்கத்தில பக்கத்திலதான், ஆனா சூடு வந்து ஒவ்வொண்டிலயும் வேற வேற, அதான் சொல்லுறன்."

முதலில் 'வந்து', 'என்னெண்டா', 'அதான் சொல்லுறன்' எல்லாவற்றையும் வெட்டுங்கள். அவை யோசிக்க எடுத்த நேரம், செய்தி இல்லை. 'பக்கத்தில பக்கத்திலதான்' என்பதைத் தொடாதீர்கள். அந்த இரட்டிப்பில்தான் மாமியின் குரல் இருக்கிறது. அப்புறம் அவர் மூச்சு விட்ட இடத்தில் வரியை உடையுங்கள்:

கன்னியாவில ஏழு கிணறு.
பக்கத்தில பக்கத்திலதான்.
ஆனா, ஒவ்வொண்டிலயும் சூடு வேற வேற!

கடைசி வரியில் 'சூடு' பின்னுக்குப் போனதைக் கவனியுங்கள். புதுச் செய்தி அதுதான். முன்னாலேயே சொன்னால் வரி சப்பென்று முடியும்.

பெரும்பாலும் கெடுவது இலக்கணத்தைத் திருத்தும்போதுதான். 'கன்னியாவில் ஏழு கிணறுகள் உள்ளன' என்றால் அறிவிப்புப் பலகை ஆகிவிடும். 'ஒவ்வொண்டிலயும்' என்பதை 'ஒவ்வொன்றிலும்' என்று பாதியில் மாற்றினாலும் காதில் இடறும். எழுதியதை ஆடியோவோடு சேர்த்து வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் மாமியின் சொல்லையே திரும்பப் போடுங்கள்.