வாடகை அக்ரிமெண்ட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 16,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். ஹவுஸ் ஓனர் நான்கு பக்க அக்ரிமெண்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எல்லாருக்கும் போடுறதுதான், ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுடுங்க" என்கிறார். ஆங்கிலத்தில் இருக்கிறது. நகலை அனுப்பியிருக்கிறேன். எதையெல்லாம் மாற்றச் சொல்லலாம்?

பதில்: நகலை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கத்தில் இருக்கும் பெயர், முகவரி, வாடகை, தேதி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் உங்கள் பணம் மூன்றாவது, நான்காவது பக்கங்களில் இருக்கிறது. அதனால் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கும் நாளை மனதில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து படியுங்கள். அன்றைக்கு உங்கள் கைக்கு எவ்வளவு வரும், எப்போது வரும்?

உங்கள் நகலை வைத்தே கணக்குப் போடுவோம். குடிபோய் ஏழு மாதத்தில் வேலை விஷயமாகக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்துவிட்டது என்று வையுங்கள். எட்டாவது பிரிவு, பதினோரு மாதத்துக்குள் காலி செய்தால் மீதி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது. நான்கு மாதத்துக்கு 64,000 போகிறது. ஒன்பதாவது பிரிவு, பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகை கழிக்கப்படும் என்கிறது. அதில் இன்னொரு 16,000. ஒரு லட்சத்தில் மிஞ்சுவது 20,000. அதையும் உடனே தர வேண்டியதில்லை. அடுத்த குடித்தனக்காரர் வந்த பிறகு திருப்பித் தரப்படும் என்று பன்னிரண்டாவது பிரிவில் எழுதியிருக்கிறது.

இந்தப் பன்னிரண்டாவது பிரிவைத்தான் நீங்கள் முதலில் மாற்றச் சொல்ல வேண்டும். அடுத்த ஆள் எப்போது வருவார் என்பது உங்கள் கையில் இல்லை. ஓனர் வாடகையை ஏற்றிச் சொன்னாலோ, வீட்டைச் சொந்தக்காரர்களுக்காகப் பூட்டி வைத்தாலோ உங்கள் பணமும் அங்கேயே நிற்கும். நீங்களோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியாக வேண்டும்.

சட்டம் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் ஓரளவுக்குத்தான். தமிழ்நாட்டில் நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது அது. உங்கள் கணக்கில் 48,000. ஆனால் அந்த விதியே 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்றுதான் ஆரம்பிக்கிறது. ஒரு லட்சம் என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், வேறு விதமாக ஒப்புக்கொண்டீர்கள் என்றாகிவிடும். அதனால் அட்வான்ஸ் தொகையைப் பேசுவதற்கான நேரம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்புதான். காலி செய்த பின் நியாயமான பாக்கிகளைக் கழித்துக்கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஓனரிடம் இதைச் சொல்லி, 'சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள்' என்று எழுதச் சொல்லுங்கள். சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறீர்கள் என்பதால் மறுப்பது அவருக்குக் கஷ்டம்.

இன்னொரு வழியும் உண்டு, சென்னையில் பலர் செய்வதுதான். காலி செய்வதாகச் சொன்ன பிறகு வரும் கடைசி இரண்டு மாத வாடகையைத் தராமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்வது. உங்களுக்கு அதில் 32,000 அப்போதே கழிந்துவிடும், ஓனர் திருப்பித் தர வேண்டியது 68,000 ஆகக் குறையும். ஆனால் அக்ரிமெண்ட்டில் எழுதாமல் இதைச் செய்தால் வாடகை பாக்கி வைத்ததாக ஆகும். ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது பெயிண்டிங். எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடம் இருந்த வீட்டைக் காலி செய்த அன்று, ஓனர் ஒரு பென்சிலோடு வந்து ஒவ்வொரு சுவராக ஆணி அடித்த இடங்களை வட்டம் போட்டு எண்ணினார். ஹாலில் ஆறு, படுக்கையறையில் நான்கு. அதில் பாதி நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. காலண்டர் மாட்டியிருந்த ஆணி மழுங்கித் துருப்பிடித்திருந்தது. அதைக் காட்டினேன், ஆனால் நாங்கள் குடிவந்த நாளில் எடுத்த ஒரு போட்டோகூட என்னிடம் இல்லை. ஒரு மாத வாடகை முழுதாகப் போனது. அந்தப் பணத்தைவிட, பொய் சொல்பவளைப் போல அந்தச் சுவர் முன் நின்றதுதான் இன்றும் வலிக்கிறது.

அந்த 2017 சட்டத்தின் இணைப்பில், எந்தப் பராமரிப்பு யாருடையது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிப்பதும் அதில் ஓனர் பக்கம் வருகின்றன. குழாய் வாஷர் மாற்றுவது, ஸ்விட்ச், பிளக் பாயிண்ட் சரிசெய்வது, உடைந்த கண்ணாடி போடுவது எல்லாம் குடியிருப்பவர் பக்கம். ஆனாலும் சென்னையில் பெயிண்டிங் சார்ஜ் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதை முழுதாக எடுக்கச் சொன்னால் ஓனர் சம்மதிக்காமல் போகலாம். அப்போது முதலில் ஒன்றைக் கேளுங்கள்: வீட்டுக்குக் கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தார்கள்? நீங்கள் குடிபோகும்போது புதுப் பெயிண்ட் இல்லையென்றால், காலி செய்யும்போது புதுப் பெயிண்டுக்குப் பணம் தருவதில் அர்த்தமே இல்லை. புதிதாக அடித்துத் தருகிறார் என்றால், 'ஒரு மாத வாடகை' என்பதை எடுத்துவிட்டு, 'பழுதான சுவர்களுக்கு மட்டும், பில்லின்படி' என்று மாற்றச் சொல்லுங்கள். 'சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்குக் கழிவு இல்லை' என்ற வரியும் வேண்டும். சாவி வாங்கும் நாளில், சாமான் இறக்குவதற்கு முன், ஒவ்வொரு அறையையும் மெதுவாக வீடியோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். பாத்ரூம் டைல்ஸ் விரிசல், கிச்சன் சிங்க் அடியில் ஈரம், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் அதில் தெரிய வேண்டும்.

எட்டாவது பிரிவை லாக்-இன் என்பார்கள். லாக்-இன் இருப்பதே தப்பில்லை. அடிக்கடி ஆள் மாறினால் ஓனருக்கும் புரோக்கர் செலவு, காலியாக இருக்கும் மாதங்கள் என்று நஷ்டம் உண்டு. உங்கள் நகலில் குறை என்னவென்றால் அது ஒரு பக்கத்தை மட்டும் கட்டுகிறது. நீங்கள் பதினோரு மாதம் இருந்தே ஆக வேண்டும். ஓனரோ ஒரு மாத நோட்டீஸில் உங்களைக் காலி செய்யச் சொல்லலாம் என்று பத்தாவது பிரிவில் இருக்கிறது. அதே பிரிவில் உங்களுக்கு மட்டும் இரண்டு மாத நோட்டீஸ். இரண்டையும் சமமாக்கச் சொல்லுங்கள்: ஆறு மாத லாக்-இன் இருவருக்கும், அதன் பின் இரண்டு மாத நோட்டீஸ் இருவருக்கும். லாக்-இன் மீறினால் ஒரு மாத வாடகை என்று உச்சவரம்பும் வைத்துவிடலாம். இப்படி எழுதிய இழப்பீட்டுத் தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது, நியாயமான அளவுதான் கிடைக்கும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பணம் அவர் கையில் இருக்கும்போது வழக்குப் போட வேண்டியவர் நீங்கள். 64,000 ரூபாய்க்காக அலைய வேண்டி வரும்.

அப்புறம் கரண்ட் பில். ஐந்தாவது பிரிவில் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 250 யூனிட் ஓடினால் ஓனர் கணக்குப்படி நீங்கள் 2,250 ரூபாய் தருவீர்கள், இலவச யூனிட்டின் பலன் உங்களுக்கு வரவே வராது. உங்கள் வீட்டுக்குத் தனி ஈபி மீட்டரும் தனி சர்வீஸ் நம்பரும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த 9 ரூபாயை அடித்துவிட்டு, இந்த சர்வீஸ் நம்பரின் பில்லைக் குடியிருப்பவரே நேராகக் கட்டுவார் என்று நம்பரோடு எழுதுங்கள். மூன்று வீட்டுக்கும் ஒரே இணைப்பு, உள்ளே சப் மீட்டர் என்றால், வந்த பில்லை யூனிட் கணக்கில் பிரித்துக்கொள்வது என்று இருக்கட்டும். குடிபோகும் நாளில் மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதையும் பாருங்கள். நகலில் ஓனர் என்று இருப்பது அப்பாவின் பெயர், உங்களிடம் பேசுவதோ மகன். சொத்து வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மகன்தான் கையெழுத்துப் போடுவார் என்றால், அப்பா கொடுத்த பவர் பத்திரத்தின் நகல் வேண்டும். அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்காமல் அக்ரிமெண்ட்டில் இருக்கும் பெயருடைய கணக்குக்கே அனுப்புங்கள்.

மாற்றங்களை வாயால் ஒப்புக்கொண்டால் போதாது. "அதெல்லாம் நான் பிடிக்க மாட்டேன்மா, சும்மா எழுதியிருக்கு" என்று சொல்லும் ஓனர் நல்லவராகவே இருக்கலாம். நாளைக்கு வீட்டை விற்றுவிட்டாரென்றால் வாங்கியவர் தாளில் இருப்பதைத்தான் பார்ப்பார். மறுபடி டைப் செய்ய நேரமில்லை என்றால் பேனாவால் அடித்து எழுதி, ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். எல்லாவற்றுக்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால், 30 நாள் வரியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கும் மறுத்தால் நான் அந்த வீட்டை எடுக்க மாட்டேன்.

கேள்வி: பதினோரு மாத அக்ரிமெண்ட்தானே, பதிவு செய்யத் தேவையில்லை என்கிறாரே, சரியா?

பதில்: பாதிதான் சரி. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால்தான் பதினோரு மாதம் என்ற வழக்கமே வந்தது. ஆனால் 2017 சட்டப்படி வாடகை ஆணையத்தில் பதிவது வேறு. எத்தனை மாதத்துக்கு எழுதினாலும் அது உண்டு. இருவரில் யார் வேண்டுமானாலும் tenancy.tn.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம், பதிவு எண் கிடைக்கும். பதிவுக்கு ஓனர் ஒத்துழைப்பார் என்று அக்ரிமெண்ட்டிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.