வழக்குப் போடும் எண்ணமில்லை என்பதற்காகக் கையெழுத்துப் போட்டுவிடலாமா?

கேள்வி: ஆறு வருடமாக வேலை பார்க்கும் நிறுவனம் ஆட்குறைப்பில் என்னையும் அனுப்புகிறது. இந்த மாதம் பாதியோடு வேலை முடிகிறது. எல்லாம் சேர்த்து நான்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். போன காலாண்டு இன்சென்டிவ், முக்கால் மாதச் சம்பளம் அளவுக்கு இருக்கும், அது தனியாக வந்துவிடும் என்று மேனேஜர் சொன்னார். அவர் எனக்கு அண்ணன் மாதிரி. வேலை நியமன ஆர்டரில் நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். எடுக்காத விடுப்பு 22 நாள் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ‘ரிலீஸ் ஆஃப் கிளெய்ம்ஸ்’ என்று ஒன்றரைப் பக்கம் வருகிறது, வழக்கமான வாசகம்தான் என்கிறது எச்.ஆர். வழக்குப் போடும் எண்ணமே எனக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள், போட்டுவிடலாமா? வீட்டில் தொகையை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

பதில்: ‘எல்லாம் சேர்த்து’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எதையெல்லாம் சேர்த்து என்று அவர்களிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். நான்கு மாதம் என்கிற எண்ணைக் கேட்டதும் மனசு சமாதானமாகிவிட்டது, அந்த எண்ணை மட்டும் வீட்டில் சொன்னீர்கள், ஒன்றரைப் பக்க வாசகத்தைச் சொல்லவில்லை.

ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். நோட்டீஸ் காலத்துக்கு வேலை வாங்காமல் அனுப்பினால் அந்த இரண்டு மாதச் சம்பளம் நியமன ஆர்டர்படியே உங்களுடையது. இந்த மாதம் வேலை பார்த்த பாதி மாதமும் உங்களுடையது. 22 நாள் விடுப்பு, வேலை நாள் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாதம். விடுப்புக்குப் பணம் தர வேண்டுமா, முழுச் சம்பளத்திலா அடிப்படைச் சம்பளத்திலா என்பது உங்கள் நிறுவன விதியையும் ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு ஒரு மாதம் என்றே வைப்போம். ஆக, மூன்றரை மாதம் நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாமலே வரவேண்டிய பணம். அந்த நான்கு மாதத்துக்குள் இவையெல்லாம் அடங்கியிருந்தால், புதிதாக உங்களுக்குக் கொடுப்பது அரை மாதச் சம்பளம், அவ்வளவுதான். அந்த அரை மாதம்தான் ரிலீஸ் பிரிவுக்கு, அதாவது இனி எதையும் கேட்க மாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதற்கு, அவர்கள் தரும் விலை.

இன்சென்டிவை இப்போது கணக்கில் சேருங்கள். அது முக்கால் மாதம். அது ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. கையெழுத்துப் போட்டபின் அது வராமல் போனால், அரை மாதத்தை வாங்கிக்கொண்டு முக்கால் மாதத்தை விட்டுக்கொடுத்திருப்பீர்கள். வேலையும் போய், கையிலிருந்தும் கால் மாதச் சம்பளம் போகும்.

அது எப்படி வராமல் போகும், அவர்தான் சொன்னாரே என்பீர்கள். இங்கேதான் அந்தப் பிரிவை நிதானமாக வாசிக்க வேண்டும். அநேகமாக இப்படி இருக்கும்: இந்தத் தேதிவரை வேலையினாலோ வேலை முடிந்ததாலோ எழுந்த, எனக்குத் தெரிந்த, தெரியாத எல்லாக் கோரிக்கைகளிலிருந்தும் நிறுவனத்தையும் அதன் துணை நிறுவனங்களையும் அதிகாரிகளையும் ஊழியர்களையும் விடுவிக்கிறேன். ‘கோரிக்கை’ என்றதும் நீங்கள் கோர்ட்டையும் வக்கீலையும் நினைத்துக்கொள்கிறீர்கள், அதனால்தான் வழக்குப் போடும் எண்ணமில்லை என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். வரவேண்டிய இன்சென்டிவும் ஒரு கோரிக்கைதான். பாக்கிச் சம்பளம், தவறாகப் பிடித்த தொகை, திரும்பத் தராத பயணச் செலவு எல்லாமே கோரிக்கைதான். கோர்ட்டுக்கே போகாமல் ஒரு மின்னஞ்சலில் கேட்டு வாங்கக்கூடிய பணத்தையும் கேட்க முடியாதபடி இந்தப் பிரிவு செய்துவிடும். வேலை பார்த்து ஈட்டிய கூலியை இப்படிக் கையெழுத்தால் விட்டுவிட முடியாது என்று சொல்லும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு. ஆனால் இன்சென்டிவ் கூலிதானா, நிறுவனம் விருப்பப்பட்டுத் தருவதா என்பதிலேயே சண்டை ஆரம்பித்துவிடும்.

இதே ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இன்னும் இரண்டு வாசகங்கள் இருக்கும், தேடிப் பாருங்கள். ஒன்று, எனக்கு வரவேண்டிய சம்பளம், போனஸ், இன்சென்டிவ் எல்லாம் வந்துவிட்டன என்று நீங்கள் ஒப்புக்கொள்வது. இன்னொன்று, இந்த ஒப்பந்தமே முழு உடன்பாடு, இதற்கு முன் வாயாலோ எழுத்தாலோ சொன்ன எதுவும் செல்லாது என்பது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் உங்கள் மேனேஜர் சொன்ன வார்த்தைக்கு என்ன மதிப்பு மிஞ்சுகிறது? அவர் நல்லவராகவே இருக்கலாம், உண்மையாகவே சொல்லியிருக்கலாம். நாளைக்கு அவரே அந்த நாற்காலியில் இல்லாமல் போகலாம், அல்லது சம்பளப் பிரிவில் இருப்பவர் உங்கள் கையெழுத்தைக் காட்டி ‘எல்லாம் வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே’ என்று சொல்லலாம். பணம் வரும் நாளில் வேலையில் இருந்தால்தான் இன்சென்டிவ் என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்களும் நிறைய. உங்கள் இன்சென்டிவ் விதியை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் நீங்கள் கேட்டு வாங்கவேண்டியது சலுகை, இல்லையென்றால் உரிமை. கேட்கும் தொனியே மாறும்.

அண்ணன் மாதிரி என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். அண்ணன் மாதிரி இருப்பவரிடம் ‘எழுத்தில் கொடுங்கள்’ என்று கேட்கக் கூச்சப்படுகிறீர்கள், உங்கள் சம்பளத்தை நம்பியிருக்கும் மனைவியிடம் தாளைக் காட்டாமல் இருக்க மட்டும் கூச்சமில்லையா? அந்தப் பிரிவின் முதல் வரியைப் பாருங்கள், ‘நானும் என் வாரிசுகளும்’ என்று அநேகமாக இருக்கும். உங்களுக்கு ஏதாவது ஆகி, வீட்டில் இருப்பவர்கள் போய்க் கேட்டாலும் இல்லை என்று சொல்வதற்காகச் சேர்த்த வரி அது. அவர்களையும் கட்டுப்படுத்தும் ஒரு தாளை அவர்கள் பார்க்காமல் கையெழுத்திடுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம். வேலை போன சங்கடத்தில் அவர்கள் மனசு நோகக்கூடாது என்று மறைத்திருப்பீர்கள், புரிகிறது, ஆனாலும் தவறுதான். இன்று இரவே மனைவியோடு உட்கார்ந்து முழுதும் வாசியுங்கள். நீங்கள் மறந்துபோன பயணச் செலவு பாக்கியை, அலுவலகத்தில் முதுகுவலி வந்து விடுப்பெடுத்த மாதத்தை ஞாபகப்படுத்துவதும் பெரும்பாலும் அவர்தான், ‘தெரியாத கோரிக்கை’ என்பதில் அடங்குவதும் இந்த மாதிரி விஷயங்கள்தான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், மேனேஜருக்கு நகல் போகட்டும். நான்கு மாதத் தொகையில் நோட்டீஸ் சம்பளம், இந்த மாதச் சம்பளம், விடுப்புப் பணம் எவ்வளவு, ஆட்குறைப்புக்காகக் கூடுதலாகத் தருவது எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதைத் தர மறுத்தால், கூடுதல் தொகை ரொம்பக் குறைவு என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை நான்கு மாதமும் மற்றதெல்லாம் போகத் தனியாகத் தருவதுதான் என்று பதில் வந்தால் நல்லது, அதையும் ஒப்பந்தத்துக்குள் எழுதச் சொல்லுங்கள், மின்னஞ்சலில் மட்டும் நிற்கக்கூடாது. முழு உடன்பாடு என்கிற வரி மின்னஞ்சலையும் விழுங்கிவிடும்.

அடுத்து, ரிலீஸ் பிரிவின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்க்கக் கேளுங்கள்: ‘போன காலாண்டு இன்சென்டிவ் தொகையான இவ்வளவு, இன்ன தேதிக்குள் வழங்கப்படும், அதுவும், வைப்பு நிதி உள்ளிட்ட ஏற்கனவே உரிமையான பலன்களும், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான இழப்பீடும், சட்டப்படி விட்டுக்கொடுக்க முடியாத உரிமைகளும், இந்த ஒப்பந்தத்தையே நிறைவேற்றக் கேட்கும் உரிமையும் இந்த விடுவிப்பில் அடங்கா.’ இதில் புதிதாக ஒன்றும் இல்லை, நிறுவனத்தின் வக்கீல்கள் தினம் பார்க்கும் வாசகம், கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். பெரும்பாலும் இன்சென்டிவ் பற்றிய பாதிக்குத்தான் தயங்குவார்கள், அந்தத் தயக்கமே ‘வந்துவிடும்’ என்ற வார்த்தை எவ்வளவு உறுதி என்று உங்களுக்குக் காட்டிவிடும்.

விடுவிப்பு ஒருபக்கமா, இருபக்கமா என்றும் பாருங்கள். நீங்கள் அவர்களை விடுவிக்கிறீர்கள், அவர்கள் உங்களை விடுவிக்கிறார்களா? பயிற்சிச் செலவு, முன்பு கொடுத்த ஜாயினிங் போனஸ் என்று ஏதாவது ஒன்றை ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கேட்கும் வழியை அவர்கள் திறந்தே வைத்திருந்தால், அதையும் மூடச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குப் பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் அவர்களாக வைத்த நாள்தான். அமெரிக்காவில் 40 வயது நிரம்பியவர் வயதுப் பாகுபாடு குறித்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் யோசிக்க 21 நாள், கூட்டமாக ஆட்குறைப்பு என்றால் 45 நாள் கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போட்டபின் மனம் மாற 7 நாளும் உண்டு. பிரிட்டனில் சட்டப்படியான வேலை உரிமைகளை இப்படி விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்ல, ஊழியர் தனக்கென்று ஒரு சுயேச்சையான ஆலோசகரிடம் கேட்டிருக்க வேண்டும். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை, ஆனால் அவகாசம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இன்னொன்று, ஆட்குறைப்புக்கென்றே சட்டம் ஒரு தொகை வைத்திருக்கும் நாடுகள் உண்டு. இந்தியாவில் சட்டம் தொழிலாளி என்று வரையறுக்கும் வகைக்குள் வருபவருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், ஆறு வருடத்துக்கு அது 90 நாள். அந்த வகைக்குள் நீங்கள் வந்தால், மேலே போட்ட கணக்கில் அரை மாதம் கூடுதல் என்றேனே, அதுவும் போய் அவர்கள்தான் உங்களுக்கு இரண்டரை மாதம் பாக்கி. வேலைச் சட்டம் பார்க்கும் ஒரு வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேளுங்கள்.

கடைசி வேலை நாளுக்கு முன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டியல் வந்து, இன்சென்டிவ் வாக்கியம் சேர்ந்து, மனைவியும் படித்துவிட்டார் என்றால் தாராளமாகப் போடுங்கள், இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி ஒன்றை அலுவலக மின்னஞ்சலில் விட்டுவிடாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், வேலை முடிந்த அன்றே அலுவலக மின்னஞ்சலை மூடிவிடுவார்கள்.