பச்சைத் தேங்காயும் பச்சைப் பாலும் மட்டும்தானா? – குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பத்து, இருபது தென்னையும் ஒன்றிரண்டு பசுவும் உள்ள வீடுகளிலிருந்து வந்தவை. எந்தப் பொருளைச் செய்வது என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் ஊரின் ஈரத்தையும் காற்றையும் பாருங்கள். விளவங்கோடு பக்கம் நன்றாக வருவது தோவாளையில் வராது, அங்கே வருவது இங்கே வராது.

"இடவப்பாதி தொடங்கினால் கொப்பரை காய்வதே இல்லை, பூஞ்சை பிடித்துவிடுகிறது. காயை அப்படியே கொடுத்துவிடுகிறோம். வேறு வழி உண்டா?" – அருமனையிலிருந்து ஒரு வாசகி

உண்டு. காய வைக்கத் தேவையே இல்லாத எண்ணெய்தான் உங்களுக்கு ஏற்றது. குழந்தையைக் குளிப்பாட்ட உங்கள் பாட்டி காய்ச்சிய அதே உருக்கெண்ணெய். பூஞ்சை பிடித்த கொப்பரையை ஆட்டி விற்பதை விட்டுவிடுங்கள். நிறம் மட்டுமல்ல, அந்தப் பூஞ்சையின் நஞ்சும் எண்ணெயில் இறங்கக்கூடும்.

முப்பது காயில் தொடங்குங்கள். நன்றாக விளைந்து, பன்னிரண்டு மாதம் ஆன காயாக இருக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். உள்ளே பூ விட்ட காயை ஒதுக்குங்கள், முளை எண்ணெயைத் தின்று வளர்ந்திருக்கும். இளங்காயில் பால் நிறைய வரும், எண்ணெய் வராது.

உடைத்த அன்றே துருவி, கொஞ்சமாக வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு முதல் பால் எடுங்கள். அதே துருவலில் இன்னொரு முறை தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுங்கள். இரண்டையும் துணியில் வடிகட்டி உயரமான பாத்திரத்தில் இரண்டு, மூன்று மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கெட்டிப் பால் மேலே ஏறி, தெளிந்த தண்ணீர் அடியில் நிற்கும். மேலே உள்ளதை மட்டும் அள்ளிக் காய்ச்சுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் பாதி விறகு மிச்சம்.

அடிகனமான உருளியில் முதலில் நடுத்தரத் தீ, கொதி வந்ததும் சிறு தீ. முதலில் வெள்ளையாகப் பொங்கும். அப்புறம் பால் திரிந்து தயிர்க்கட்டி போலச் சேரும். அந்தக் கட்டிகளைச் சுற்றி எண்ணெய் கண்ணாடி மாதிரி தெளியத் தொடங்கும்போது உருளியை விட்டு நகரக் கூடாது. கட்டி வெளுப்பிலிருந்து பொன்னிறத்துக்கு மாறியதும் அடுப்பை அணைத்து, உடனே எண்ணெயை வடித்துவிட வேண்டும். உருளியின் சூடே மீதியை முடித்துவிடும். பழுப்பாகட்டும் என்று காத்திருந்தால் கருகிய மணம் ஏறும், வாங்குகிறவர் முதலில் மூக்கைத்தான் வைப்பார். அடியில் மிஞ்சும் கசடைச் சர்க்கரை போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அதற்குத்தான் வீட்டில் சண்டையே நடக்கும்.

"உருக்கெண்ணெய் காய்ச்சி விற்றேன். கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே தவறு?" – ஈத்தாமொழி

முப்பது காயில் கையால் பிழிந்து ஒன்றே முக்கால் லிட்டர் எடுத்தாலே நல்ல கை. அதாவது ஒரு லிட்டருக்குச் சுமார் பதினேழு காய். கொப்பரையாக்கி ஆட்டினால் பத்துப் பதினொரு காயில் ஒரு லிட்டர் வந்துவிடும். அதனால் செக்கெண்ணெய் விலைக்கு உருக்கெண்ணெயைக் கொடுத்தால் நிச்சயம் நட்டம். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்குக்காகக் காய் ஒன்றுக்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முப்பது காய் 750 ரூபாய். குப்பி, துணி, சில்லறைச் செலவுக்கு 50. வீட்டில் இரண்டு பேர் அரை நாள் உழைத்ததற்கு 400 ரூபாயாவது போடுங்கள். அதைப் போடாமல் விடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. சிரட்டையும் கதம்பையும் விறகாகிவிடுவதால் அடுப்புக்குத் தனிச் செலவு வேண்டாம். மொத்தம் 1,200. ஒன்றே முக்காலால் வகுத்தால் லிட்டருக்கு 685 ரூபாய் அடக்கம். 700-க்குக் கீழே விற்றால் உங்கள் கூலியைத்தான் விற்கிறீர்கள்.

காய் விலை 40 ஆனால் அடக்கம் 940-ஐத் தாண்டும். அந்த விலை தரும் வீடுகள் உங்கள் கையில் இல்லையென்றால் அந்த மாதம் காயையே விற்றுவிடுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. வாடிக்கையாக வாங்கும் நாலைந்து வீடுகளுக்கு மட்டும் காய்ச்சினால் போதும். பெரிய குப்பியைவிட 100, 200 மில்லிக் குப்பியில் கொடுங்கள். உருக்கெண்ணெய் வாங்குகிறவர்கள் குழந்தைக்கும் தலைக்கும் வாங்குகிறார்கள், பொரிக்க வாங்குவதில்லை.

"ஒரு மாதத்தில் எண்ணெயில் சிக்கு வாடை வந்துவிட்டது. மூடியைச் சரியாகத்தான் மூடினேன்." – குலசேகரம்

மூடி மேல் பழி இல்லை, உள்ளே தண்ணீர் இருந்திருக்கிறது. ஒன்று, காய்ச்சல் போதாமல் ஈரம் தங்கியிருக்கும். இல்லையென்றால் கழுவிய குப்பி உள்ளே உலராமல் இருந்திருக்கும். ஆரம்பக் காலத்தில் நானே இந்த இரண்டாவது பிழையைச் செய்து, பன்னிரண்டு குப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வெளியே பளபளவென்று இருந்த குப்பியின் கழுத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் நின்றது எனக்குத் தெரியவில்லை.

கண்டுபிடிப்பது எளிது. பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். அமைதியாக எரிந்தால் நல்லது, சடசடவென்று வெடித்தால் ஈரம் உண்டு. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்து உறைய விட்டு, திரும்ப உருக விட்டும் பார்க்கலாம். அடியில் மணி மணியாகத் தண்ணீரோ மங்கலான படலமோ தெரிந்தால் அந்தக் காய்ச்சலைக் குப்பியில் அடைக்காதீர்கள். சிறு தீயில் மீண்டும் சூடாக்கி, குமிழி அடங்கும் வரை விட்டு இறக்கலாம். ஆனால் வாடை ஏறிவிட்ட எண்ணெயை எப்படிச் சூடாக்கினாலும் பழைய மணம் திரும்பாது, அது விளக்குக்குத்தான்.

இனிமேல் வடித்த எண்ணெயை மூடிய பாத்திரத்தில் இரண்டு நாள் தெளிய வைத்து, மேலாக ஊற்றி எடுங்கள். குப்பிகளை முந்தின நாளே வெயிலில் கவிழ்த்து உலர்த்துங்கள், மழைக்காலம் என்றால் அடுப்பின் இளஞ்சூட்டில் வைத்து எடுங்கள்.

"பால் பிழிந்த துருவலை மாட்டுக்குக் கொடுக்கலாமா?" – தக்கலை

கொடுக்கலாம், அளவு முக்கியம். கையால் பிழிந்த சக்கையில் எண்ணெய் இன்னும் கணிசமாக இருக்கும். ஒரு பசுவுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், அதையும் தீவனத்தோடு கலந்து இரண்டு வேளையாகக் கொடுங்கள். அதிகமானால் வயிற்றில் வைக்கோல் செரிப்பது குறையும். சாணம் இளகும், அசைபோடுவது குறையும், பால் சங்கத்துச் சீட்டில் கொழுப்பு எண் இறங்கும். முப்பது காயில் நாலு கிலோ அளவுக்குச் சக்கை வரும், ஒரே பசு உள்ள வீட்டில் எல்லாவற்றையும் அன்றே போட்டுவிடாதீர்கள். பிழிந்த நாள் தாண்டினால் புளித்துவிடும். மிச்சத்தை அதே உருக்கு அடுப்பின் சூட்டில் வறுத்து ஈரம் போக்கினால் சில நாள் தாங்கும்.

"இரண்டு பசு, நாளுக்குப் பத்து லிட்டர். நெய் காய்ச்சி விற்றால் பாலைவிட லாபமா?" – தோவாளை

நெய்யை மட்டும் விற்றால் லாபம் இல்லை. மோரையும் விற்றால் உண்டு.

உங்கள் சங்கத்துச் சீட்டில் கொழுப்பு 4 என்று இருந்தால் பத்து லிட்டரில் 400 கிராம் கொழுப்பு. கடைந்து, உருக்கி, வீட்டு முறையில் கைக்கு வருவது 350 கிராம் அளவில்தான். ஒரு கிலோ நெய்க்கு இருபத்தெட்டு, முப்பது லிட்டர் பால் வேண்டும். லிட்டர் 40 ரூபாய் என்றாலே பாலின் விலை 1,200-ஐத் தொடும். பசு நெய் அந்த விலைக்குப் போகிறதா என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். அதனால் எல்லாப் பாலையும் நெய்யாக்காதீர்கள். சங்கத்துக்கு ஊற்றுவதை ஊற்றுங்கள், மாலைப் பாலில் நாலைந்து லிட்டரை மட்டும் தயிராக்கிக் கடையுங்கள்.

மிஞ்சும் மோர் அன்றன்றைக்குச் சம்பாரமாகப் போகும் வரை சரி. போகாத மோருக்கு உங்கள் ஊரில் ஒரு நல்ல இடம் இருக்கிறது, மோர் மிளகாய். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும் வெயிலும் உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. அருமனைக்காரர்களால் இதை இவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது.

ஒரு கிலோ குண்டு மிளகாயைக் காம்போடு கழுவித் துடைத்து, நுனியில் கீறுங்கள். ஒரு லிட்டர் புளித்த கெட்டி மோரில் 120 கிராம் அளவு உப்புக் கரைத்து, இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் மிளகாயை மட்டும் எடுத்துக் காய வைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்க மூன்று, நான்கு நாள் ஆகும். அதன் பிறகு நல்ல வெயிலில் இன்னும் மூன்று, நான்கு நாள் காய வேண்டும். காம்பு முறிந்து, குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். மேலே உலர்ந்து உள்ளே மெத்தென்று இருப்பதை அடைத்தால் பத்து நாளில் உள்ளே பூஞ்சை பூக்கும். ஒரு கிலோ மிளகாயில் முன்னூறு கிராமைவிடச் சற்று அதிகமாகக் கிடைக்கும். நடுவில் மழை வந்துவிட்டால் மிளகாயை மோரிலேயே குளிர்பெட்டிக்குள் வையுங்கள், ஈரத்தோடு முறத்தில் விடாதீர்கள்.

நெய்யிலும் அதே திரிச் சோதனை பொருந்தும். உருக்கும்போது சடசடப்பு அடங்கி, அடிக்கசடு பொன்னிறமாகும் நேரம்தான் இறக்கும் நேரம்.

"தேங்காய்ப் பாலைக் குப்பியில் அடைத்துக் கொதிநீரில் வேக வைத்து விற்கலாமா? ஒரு காணொளியில் பார்த்தேன்." – மார்த்தாண்டம்

வேண்டாம். இதில் நான் கொஞ்சமும் இறங்கி வர மாட்டேன். தேங்காய்ப் பால் புளிப்பில்லாத பொருள். காற்றுப் புகாமல் மூடிய குப்பிக்குள் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும் ஒரு கிருமியின் வித்து, நூறு டிகிரியில் கொதிக்கும் தண்ணீரில் சாகாது. அதைக் கொல்ல அழுத்தத்தோடு 121 டிகிரி வரை ஏற்றும், ஆலைகளில் இருப்பது போன்ற இயந்திரம் வேண்டும். வாடையோ நிறமோ மாறாமலேயே நஞ்சாகியிருக்கலாம், கண்டுபிடிக்கவும் முடியாது. எண்ணெயில் தண்ணீர் இல்லாததால் அந்தக் கிருமி அங்கே வளராது. பாலைக் குப்பியில் அடைப்பதைவிட எண்ணெயாக்குங்கள்.

"பன்னீர்?" – பூதப்பாண்டி

பத்து லிட்டர் பசும்பாலில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறையக் கிடைக்கும், குளிர்பெட்டியில் ஐந்தாறு நாள்தான் தாங்கும். நாகர்கோவிலில் ஏதாவது ஓட்டல் முன்கூட்டியே கேட்டால் அன்று மட்டும் செய்யுங்கள்.

"வீட்டில் செய்வதற்குப் பதிவு வேண்டுமா?" – ராஜாக்கமங்கலம்

வேண்டும். விற்பனைக்கு என்றால் அளவு சிறிதானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும். foscos.fssai.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பதிவு எண், நிகர அளவு, செய்த தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் எல்லாம் குப்பியின் சீட்டில் இருக்க வேண்டும். காய்ச்சி எடுத்த எண்ணெயின் மேல் 'குளிர் முறை' என்று அச்சடிக்காதீர்கள். நோய் தீரும் என்றும் எழுத வேண்டாம். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஓர் எண் போட்டு, அதிலிருந்து ஒரு சின்னக் குப்பியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குலசேகரத்து வாசகரைப் போல யாராவது வாடை என்று திரும்பி வந்தால், எந்த நாள் காய்ச்சியது, எத்தனை குப்பி வெளியே போயிருக்கிறது என்று அப்போது சொல்லிவிடலாம்.