9.12க்கு வந்தால் அரைநாள் சம்பளம் போகுமா?

"எங்க கம்பெனியில 9 மணி ஷிஃப்ட், 9.10 வரைக்கும் கிரேஸ் டைம். 9.12க்குப் பஞ்ச் பண்ணினேன்னு அரைநாள் சம்பளத்தைப் பிடிச்சிட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்தேன். இது சரியா?"

சரியில்லை. 12 நிமிடச் சம்பளத்தைப் பிடிக்கலாம், அதற்கு மேல் பிடிக்கக் கூடாது.

கோவையில் ஒரு மோட்டார் பட்டறையில் பல வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். உங்களுக்கு நடந்தது எங்கள் வைண்டிங் செக்‌ஷனில் ஒருவருக்கும் நடந்தது. மாதம் 18,200 ரூபாய், 26 நாள் கணக்கு. நாளுக்கு 700, எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 87.50. அவர் தாமதமாக வந்த 12 நிமிடத்தின் விலை 17 ரூபாய் 50 காசு. ஆனால் பே ஸ்லிப்பில் `LOP 0.5` என்று விழுந்து 350 ரூபாய் போயிருந்தது. வேலைக்கு வராத நேரம் மொத்த வேலை நேரத்தில் எவ்வளவு பங்கோ, சம்பளத்திலும் அவ்வளவு பங்குதான் பிடிக்கலாம் என்று 1936ஆம் வருட சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத்தொகுப்பில் அதுவே 20ஆம் பிரிவு. பழைய சட்டத்துக்கு மாதம் 24,000 ரூபாய் என்ற வரம்பு இருந்தது, புதியதில் அது இல்லை.

கிரேஸ் டைம் என்பது சட்டம் கொடுத்த உரிமை இல்லை, கம்பெனி காட்டும் சலுகை. அதனால் 9.10ஐத் தாண்டினால் 2 நிமிடம்தானே என்று வாதாட முடியாது, 9 மணியிலிருந்தே எண்ணுவார்கள். ஆனால் சலுகை தீர்ந்ததால், அந்த அரைநாளில் நீங்கள் உழைத்த 3 மணி 48 நிமிடத்தையும் சேர்த்து விழுங்க அவர்களுக்கு வழியில்லை.

"இது பிடித்தம் இல்லை, அபராதம்" என்று எச்.ஆர். சொல்லலாம். அபராதத்துக்குத் தனி விதி உண்டு. எந்தக் குற்றத்துக்கு அபராதம் என்பதை அரசு ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் போட்டிருக்க வேண்டும், உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் பட்டறையில் அப்படி ஒரு பலகையே கிடையாது. அட்டென்டன்ஸ் சாஃப்ட்வேரில் யாரோ "9.10க்கு மேல் அரைநாள்" என்று டிக் பண்ணி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சம்பளத்துக்குப் பதில் அரைநாள் கேஷுவல் லீவைக் கழிப்பது வேறு விஷயம். லீவ் விதியில் அப்படி எழுதியிருந்தால் எதிர்ப்பது கஷ்டம். மத்திய அரசு அலுவலகங்களிலேயே அந்த வழக்கம் உண்டு. லீவ் கையிருப்பு தீர்ந்து சம்பளத்தில் கை வைக்கும்போதுதான் மேலே சொன்ன கணக்கு வரும்.

முதலில் அந்த மாத பயோமெட்ரிக் ரிப்போர்ட்டையும் பே ஸ்லிப்பையும் வாங்கி வையுங்கள். எந்த விதிப்படி பிடித்தீர்கள் என்று மெயிலில் கேளுங்கள். எங்கள் ஆளுக்கு மெயில் போன அடுத்த மாதமே 332.50 திரும்பி வந்தது. வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஒன்று மட்டும்: அடிக்கடி தாமதமாக வருவது நிலையாணைப்படி ஒழுங்கீனம். பணம் பிடிக்க முடியாதவர்கள் மெமோ கொடுப்பார்கள், அதை எதிர்க்க இந்தக் கணக்கு உதவாது.