மதிப்பெண் தாளில் தலைப்பை மாற்றுங்கள்

“வாடிக்கையாளர் சேவை வேலைக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நேர்காணல் செய்தோம். ஒரே விண்ணப்பதாரருக்கு, ‘பேச்சுத்திறன்’ என்பதற்கு ஒருவர் 5 போட்டார், இன்னொருவர் 2. காரணம் கேட்டால் ‘அப்படித் தோன்றியது’ என்கிறார்கள்.”

கோளாறு அந்தத் தலைப்பில்தான் இருக்கிறது. ஒருவர் ஆங்கிலச் சரளத்தை அளந்திருப்பார், மற்றவர் பொறுமையை. அதை எடுத்துவிட்டு, ‘கோபத்தோடு வருபவரைச் சமாளித்த அனுபவம்’ என்று எழுதி, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். விதியைக் காட்டித் தட்டிக்கழித்தவருக்கு 1. குறையைக் கேட்டுத் தீர்த்தவருக்கு 3. தீர்ந்ததா என்று பிறகும் விசாரித்தவருக்கு 5.

எண்ணுக்குப் பக்கத்தில் விண்ணப்பதாரர் சொன்னதையே குறிக்க வேண்டும். ‘நன்றாகப் பேசினார்’ காரணமாகாது. ‘மறுநாள் நானே போன் செய்தேன் என்றார்’ என்பது காரணம். தாள்களை வாங்கிக்கொண்ட பிறகே நேர்காணல் செய்தவர்களைக் கலந்து பேச விடுங்கள். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்ற எண்களும் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.