உறைந்த தடுப்பூசி உருகினாலும் தேறாது

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கிறோம். ஆறு வாரக் குழந்தைக்கு டாக்டர் எழுதிய பென்டாவேலன்ட் ஊசியைப் பாளையங்கோட்டையில் வாங்கினோம். கடைக்காரர் ஃப்ரீசரில் இருந்து ஐஸ் கட்டியை எடுத்து, அதன் நடுவில் வைத்துக் கொடுத்தார். வீட்டில் பிரித்தால் குப்பிக்குள் மருந்தே உறைந்திருந்தது. 'உருகியதும் குலுக்கிப் போடுங்கள், லேபிளில் கட்டம் வெள்ளையாகத்தானே இருக்கிறது' என்கிறார். போடலாமா?

பதில்: போடக் கூடாது. அதைத் திருப்பிக் கொடுங்கள்.

இந்த மருந்தில் அலுமினிய உப்பின் நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. தடுப்புச் சத்து அவற்றில்தான் ஒட்டியிருக்கிறது. உறையும்போது பனிப் படிகங்கள் துகள்களை நெருக்கிக் கட்டியாக்கிவிடும். உருகினாலும் அவை பழையபடி பிரிவதில்லை, வீரியமும் திரும்புவதில்லை. குலுக்கினால் சற்று நேரம் நல்ல மருந்து போலத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வெள்ளைக் கட்டம்தான் பலரை ஏமாற்றுகிறது. அது வெப்பத்தை மட்டுமே கணக்கு வைக்கும். சூடு படப்பட உள்ளே இருக்கும் கட்டம் கறுத்துக்கொண்டே வரும், திரும்ப வெளுக்காது. சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டினாலோ தாண்டினாலோ குப்பி குப்பைக்கு. மருந்து உறைந்ததை அது சொல்லவே சொல்லாது. பென்டாவேலன்ட்டில் ஒட்டும் குறி 37 டிகிரியில் முடிவு நிலையை எட்ட ஏறக்குறைய 14 நாள் ஆகும். ஆக, உங்கள் பஸ் பயண வெயில் பெரிய கேடில்லை. கெடுத்தது ஐஸ்தான்.

சந்தேகக் குப்பி என்றால் அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கி, இரண்டையும் சேர்த்துக் குலுக்கி, அரை மணி நேரம் மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகக் குப்பியும் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ படிந்தால் கெட்டுவிட்டது. உங்கள் குப்பி உறைந்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று, சோதனையே வேண்டாம்.

'போலியோ மருந்தை உறைய வைக்கிறார்களே' என்று கடைக்காரர் கேட்கலாம். வாய்வழிச் சொட்டு மருந்து வேறு கதை. அதில் அலுமினிய உப்பு கிடையாது. மாவட்டக் கிடங்கில் அதை மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிகிரிக்குள்தான் வைக்கிறார்கள். அதற்கு எதிரி வெப்பம்: 37 டிகிரியில் அதன் குறி இரண்டு நாளில் முடிந்துவிடும். அந்தச் சொட்டு மருந்தின் சட்டத்தை இந்த ஊசிக்கு நீட்டுவதுதான் எல்லாக் கோளாறுக்கும் வேர். போலியோ ஊசி மருந்தும் உறையக் கூடாது.

ஃப்ரீசரில் இருந்து நேரே எடுத்த ஐஸ் பூஜ்யத்துக்கு வெகு கீழே இருக்கும். ஐஸ் பாக்கெட்டை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருக்க வேண்டும். நீர் கலந்த பனி பூஜ்யத்துக்குக் கீழே போகாது. பிறகும் குப்பி அதில் நேரே படாமல் துணி சுற்ற வேண்டும். இந்தப் பொறுமைதான் யாருக்கும் இல்லை. தயிர்ப் பாக்கெட்டும் சோடாவும் அடுக்கிய ஃப்ரிட்ஜில் தெர்மாமீட்டர் இல்லாமல் ஊசி விற்கும் கடைகளை யார் கேட்பது? ஒரே பேனாவில் ஒரே மூச்சில் ஒரு மாத வெப்பநிலையையும் எழுதி முடித்த பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்களா?

அடுத்த முறை பில்லில் பேட்ச் எண் இல்லாமல் வாங்காதீர்கள். இதே ஊசியைப் புதன்கிழமை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள். அங்கேயும் குப்பியைக் கேட்டு வாங்கி அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.