திரைக்கதைச் சுருக்கம்: காட்சிகளை விட்டு முடிவுகளைத் தொடருங்கள்

“என் திரைக்கதையில் 64 காட்சிகள். போட்டிக்கு இரண்டு பக்கச் சுருக்கம் வேண்டுமாம். எனக்கோ ஆறு பக்கம் வருகிறது. உப்பளத் தொழிலாளி மாரியம்மாள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அலையும் பகுதியே ஒரு பக்கம். எதை வெட்டுவது?”

வணக்கம். திரைக்கதையை மூடி வைத்துவிட்டு, மாரியம்மாள் எடுக்கும் முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் மட்டும் நினைவிலிருந்து எழுதுங்கள். பெரும்பாலும் எட்டோ பத்தோதான் தேறும், சுருக்கத்தின் முதுகெலும்பு அதுவே. அவள் வங்கி, உறவினர், அடகுக்கடை என்று அலையும் காட்சிகள் அனைத்தும் ஒரே முடிவை நோக்கியே செல்வதால், அவற்றுக்கு ஒரு வாக்கியம் போதும்:

“எல்லாக் கதவுகளும் அடைபட்ட நிலையில், தான் வெறுக்கும் ஒப்பந்தக்காரரிடமே முன்பணம் பெறும் மாரியம்மாள், அதற்கு ஈடாகச் சக தொழிலாளிகளின் கூலியைக் குறைத்து எழுத ஒப்புக்கொள்கிறாள்.”

அடுத்தடுத்த வாக்கியங்களை ‘பிறகு’ என்ற சொல்லே இணைக்கிறதென்றால் நீங்கள் மீண்டும் காட்சிகளை அடுக்குகிறீர்கள். ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ பொருந்தினால் கதை நகர்கிறது. ஒரு வாக்கியத்தை நீக்கியும் அடுத்தது புரிகிறதென்றால், அது எவ்வளவு அழகான காட்சியாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள். (என் சுருக்கங்களில் முதலில் வெளியேறுவது துணைக்கதைதான்.)

நிகழ்காலத்தில் எழுதுங்கள்; நான்கைந்து பேருக்கு மட்டும் பெயர் கொடுத்து, மற்றவர்களை ‘ஒப்பந்தக்காரர்’ என்பதுபோல் குறிப்பிடுங்கள். கதை எப்படி முடிகிறது என்பதை மட்டும் மறைக்காதீர்கள். கூலிக் கணக்கு அம்பலமாகும்போது அவள் என்ன செய்கிறாள் என்பதற்கு இரண்டாம் பக்கத்தில் முழுப் பத்தி ஒன்றை ஒதுக்குங்கள். கதையை முடிக்கத் தெரிந்தவர்தானா நீங்கள் என்பதை நடுவர் அங்கேதான் பார்ப்பார்.